"தர முடியாது" என்பதைச் சொல்லும் விதம் பற்றி: மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளைம் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கிளைம் பிரிவுத் தலைவர் அவர்களுக்கும், பதில் கடிதங்களின் வாசகத்தை முடிவு செய்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

என் அப்பாவுக்கு 68 வயது. மார்ச் 18 அன்று கும்பகோணத்தில் அவருக்கு வலது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. செலவு 38,500 ரூபாய். அதற்கான கிளைமை நீங்கள் மறுத்துவிட்டீர்கள். விவரம் எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது, அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. பணம் கேட்டும் இதை எழுதவில்லை. கண்புரைக்கு 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு, அப்பாவின் பாலிசி 2023 ஜூன் 12 அன்றுதான் தொடங்கியது, சிகிச்சை நடந்தபோது 21 மாதம்தான் முடிந்திருந்தது. உங்கள் முடிவு விதிப்படி சரி. நான் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த முடிவைச் சொல்லும் கடிதத்தை மாற்றுங்கள்.

அப்பாவுக்கு வந்த கடிதம் இது. முழுக் கடிதமே இவ்வளவுதான்.

"தங்கள் கிளைம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: Excl02. பாலிசி விதிமுறைகளைப் படித்துவிட்டு விண்ணப்பிக்கவும். இது தொடர்பாக மேற்கொண்டு எந்தக் கடிதப் போக்குவரத்தும் ஏற்கப்படாது."

கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு, படிக்கச் சிரமப்பட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு நான்தான் இதை வாசித்துக் காட்டினேன். Excl02 என்றால் என்ன என்று கேட்டார். குறிப்பிட்ட சில நோய்களுக்கும் சிகிச்சைகளுக்குமான காத்திருப்புக் காலத்துக்கு எல்லா நிறுவனங்களும் போடும் பொதுக் குறியீடு அது என்று எனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க எழுத்தருக்கு அது எப்படித் தெரியும்? "நான் எதையோ மறைச்சிட்டேன்னு சொல்றாங்களாம்மா?" என்றுதான் அவர் கேட்டார். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் காரணத்தைச் சொல்லாமல் மறுத்தால், கேட்கிறவர் தன் மேல்தான் ஏதோ தப்பு என்று எடுத்துக்கொள்வார்.

அப்புறம் நடந்ததுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. ஜூன் 11 அன்று பாலிசியைப் புதுப்பிக்க வேண்டிய கெடு. அப்பா பிரீமியம் கட்டவில்லை. "இரண்டு வருஷம் கட்டினேன், கண்ணுக்குக்கூட ஆகலை, இது எதுக்கு?" என்று விட்டுவிட்டார். என்னிடம் சொல்லவும் இல்லை. ஜூலை 2 அன்று தற்செயலாகத்தான் எனக்குத் தெரிந்தது. ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் இருந்ததால் அன்றே கட்டி, பாலிசி தொடர்ச்சியைக் காப்பாற்றினேன். இன்னும் பத்து நாள் போயிருந்தால் பாலிசி முறிந்திருக்கும். புதிதாக எடுத்தால் 24 மாதம் மறுபடி முதலிலிருந்து. இதற்குள் அவருடைய இடது கண்ணிலும் புரை முற்றிக்கொண்டிருக்கிறது.

அதாவது, பாலிசியால் பயன் கிடைக்கத் தொடங்கும் அதே வாரத்தில், பயனே இல்லை என்று நினைத்து அவர் அதைக் கைவிட்டார். "ஜூன் 12-க்குப் பிறகு கண்புரைக்கு இந்தத் தடை இருக்காது" என்ற ஒரு வரி கடிதத்தில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அந்தத் தேதி உங்கள் கணினியில் இருக்கிறது. அதை வைத்துத்தானே மறுத்தீர்கள்?

சென்னையில் ஒரு வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒன்பது வருடம் பதில் எழுதும் வேலைதான் பார்த்தேன். மறுப்புக் கடிதங்கள் நிறைய எழுதியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் உங்கள் கடிதத்தைத் திருப்பி எழுதிப் பார்த்தேன். விதியில் ஓர் எழுத்துகூடத் தளரவில்லை.

"வணக்கம் ஐயா. மார்ச் 18 அன்று உங்கள் வலது கண்ணில் நடந்த கண்புரை அறுவை சிகிச்சைக்கான கிளைமைப் பார்த்தோம். இந்த 38,500 ரூபாயை எங்களால் தர முடியாது. உங்கள் பாலிசியில் கண்புரைக்கு 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. பாலிசி 2023 ஜூன் 12 அன்று தொடங்கியது. சிகிச்சையின்போது 21 மாதம் முடிந்திருந்தது. நீங்கள் அனுப்பிய ஆவணங்களில் எந்தக் குறையும் இல்லை. கூடுதல் ஆவணம் அனுப்பினாலும் இந்த முடிவு மாறாது. இடைவெளி இல்லாமல் பாலிசியைப் புதுப்பித்து வந்தால், 2025 ஜூன் 12 முதல் கண்புரைச் சிகிச்சைக்கு இந்தத் தடை இருக்காது. முடிவு தவறு என்று நினைத்தால் எங்கள் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் உங்களுக்கு ஏற்பாக இல்லாவிட்டாலோ, இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். கண் சீக்கிரம் குணமாகட்டும்."

இதில் மறுப்பு இரண்டாவது வரியிலேயே வந்துவிடுகிறது. மென்மையாக எழுதச் சொன்னால் பலரும் முதலில் செய்வது மறுப்பைக் கீழே தள்ளுவதுதான். நான்கு வரி ஆறுதல், அதற்குப் பிறகு "ஆனால்". பணம் வருமா வராதா என்று தேடுகிறவருக்கு அந்த நான்கு வரியும் கண்ணில் படாது. "உங்கள் நிலைமை புரிகிறது, ஆனால்" என்று எழுதினால் 'ஆனால்' வந்த இடத்தில் புரிதலும் போய்விடும்.

"நிராகரிக்கப்பட்டது" என்ற சொல்லையும் பாருங்கள். யார் நிராகரித்தது என்று அதில் இல்லை. அலுவலகத் தமிழில் இப்படி எழுதிப் பழகிவிட்டோம். "எங்களால் தர முடியாது" என்றால் சொல்கிற ஆள் எதிரில் நிற்கிறார், முடிவுக்குப் பொறுப்பும் ஏற்கிறார். உறுதியும் இதில்தான் அதிகம். அதேபோல "படித்துவிட்டு விண்ணப்பிக்கவும்." படிவத்தில் "கையொப்பமிடவும்" என்று இருந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பணம் இல்லை என்று சொன்ன கையோடு அதே 'வும்' வந்தால் அது கண்டிப்பு. படிக்காமல் விண்ணப்பித்தாய் என்று அர்த்தம். ஆவணத்தில் குறை இல்லை என்ற வரியை நான் சேர்த்தது அதற்காகத்தான். மறுப்புக்குக் காரணம் தேதி, அவருடைய நேர்மை இல்லை என்பது அந்த ஒரு வரியில் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

"கூடுதல் ஆவணம் அனுப்பினாலும் முடிவு மாறாது" என்பது கடுமையாகத் தெரியலாம். என் கணக்கில் இந்தக் கடிதத்தின் கனிவான வரி அதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்கு, மனம் கேட்காமல், "வேறு ஆவணங்கள் இருந்தால் பரிசீலிக்கிறோம்" என்று எழுதிவிட்டேன். எந்த ஆவணத்தாலும் மாறாத முடிவு அது. அவர் மருத்துவமனைக்கு மூன்று முறை அலைந்து டிஸ்சார்ஜ் சம்மரியில் சீல் வாங்கி அனுப்பினார். கடைசியில் அதே பதிலைத்தான் மறுபடி அனுப்பினோம். என் மென்மையால் அவருக்குப் பேருந்துச் செலவும் அலைச்சலும்தான் மிச்சம். மாறாது என்றால் மாறாது என்று எழுத வேண்டும். உண்மையிலேயே மாற வாய்ப்பிருந்தால், எந்த ஆவணம், எந்தத் தேதிக்குள் என்று எழுத வேண்டும். உதாரணமாக, புரை விபத்தில் வந்ததாக இருந்தாலோ, முன்பு வேறு நிறுவனத்தில் இருந்த பாலிசியை உங்களிடம் மாற்றிக்கொண்டு வந்திருந்தாலோ கணக்கே வேறு. அப்படிப்பட்டவருக்கு என்னுடைய இந்தக் கடிதத்தை அப்படியே அனுப்பக் கூடாது.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். "மேற்கொண்டு எந்தக் கடிதப் போக்குவரத்தும் ஏற்கப்படாது." இதை யார் எழுதினார்கள்? பாலிசிதாரர் உங்கள் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம், அதற்குப் பிறகு ஓராண்டுக்குள் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். அது அவருடைய உரிமை. இருக்கிற கதவை இல்லை என்று சொல்கிறது இந்த வரி. இதை மென்மையாக்க வழியே இல்லை, எடுத்துவிடுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை கடிதம் போகிறது, ஒவ்வொன்றையும் இப்படி உட்கார்ந்து எழுத முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது, தெரியும். நானும் அந்த நாற்காலியில் இருந்தவள்தான். இது காத்திருப்புக் கால மறுப்புக்கு மட்டுமான ஒரு மாதிரிக் கடிதம். சிகிச்சையின் பெயர், தொகை, மூன்று தேதிகள், இவ்வளவுதான் மாறும். எல்லாம் கோப்பிலேயே இருப்பதால் கணினியே நிரப்பிவிடும். சட்டப் பிரிவு தயங்கும், ஆறுதலாக எழுதினால் பொறுப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமோ என்று. எங்கள் அலுவலகத்திலும் அந்தப் பேச்சு வந்திருக்கிறது. என் கடிதத்தை அவர்களிடமே காட்டுங்கள். நீங்கள் பணம் தர வேண்டியவர்கள் என்று சொல்கிற வரி அதில் ஒன்றும் இல்லை.

பாலிசி விற்க வந்த உங்கள் ஏஜென்ட் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து "அப்பா, அப்பா" என்று பேசினார். கண்புரைக்கு இரண்டு வருடம் ஆகும் என்று அவர் சொன்னதாக அப்பாவுக்கு நினைவில்லை. விற்கும்போது அத்தனை உறவு, மறுக்கும்போது ஒரு வணக்கம்கூட இல்லை. அப்பா வேலை பார்த்த சங்கத்தில் கடன் மனு தள்ளுபடி ஆனால், ஆளை உட்கார வைத்து, எந்தக் காகிதத்தில் என்ன குறை, அடுத்து எப்போது மனு போடலாம் என்று சொல்லித்தான் அனுப்புவார். திண்ணைக்கு வந்த ஏஜென்டில் தொடங்கி வங்கிக் கவுன்டர் வரை இதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது. அதையெல்லாம் உங்கள் தலையில் கொட்டுவது நியாயம் இல்லை. மன்னிக்கவும்.

பணிவாகவே கேட்கிறேன். காத்திருப்புக் கால மறுப்புக் கடிதத்தை மாற்றுங்கள். காரணத்தைக் குறியீடாக இல்லாமல் தேதியோடு சொல்லுங்கள், தடை எந்த நாளில் முடிகிறது என்று எழுதுங்கள், கடைசி வரியை எடுத்துவிடுங்கள். மேலே நான் எழுதிய கடிதம் உதவும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், என்னிடம் கேட்கவும் வேண்டாம்.

அப்பாவின் இடது கண்ணுக்கு ஆகஸ்டில் அறுவை சிகிச்சை. அந்தக் கிளைமும் உங்களிடம்தான் வரும். கொடுத்தாலும் மறுத்தாலும், பதிலை இந்த முறை அவரே படிப்பார்.

நன்றி.

இப்படிக்கு,
பாலிசிதாரரின் மகள்