பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்: இரண்டாம் பருவமும் 12-ஆம் வகுப்புச் செய்முறைத் தேர்வும்

அன்பார்ந்த பெற்றோர்களே, வணக்கம்.

பருவம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. விளையாட்டுப் போட்டிகளிலும் பேச்சுப் போட்டியிலும் பிள்ளைகள் பரிசுகள் வாங்கி வந்தார்கள். அறிவியல் கண்காட்சிக்கு நிறையப் பேர் வந்திருந்தீர்கள், மகிழ்ச்சி. கழிவறைப் பழுதுபார்ப்பும் முடிந்துவிட்டது.

இனி, 12-ஆம் வகுப்புப் பெற்றோர்களிடம் ஒரு முக்கியமான விஷயம்.

உங்களில் பலர் நம் மலேசியாவின் எஸ்.பி.எம். தேர்வு எழுதியவர்கள். அதில் ஒரு பாடத்தின் எல்லாத் தாள்களையும் கூட்டி ஒரே கிரேடு தருவார்கள். நம் பிள்ளைகள் எழுதும் சி.பி.எஸ்.இ.யில் அப்படி இல்லை. இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. இரண்டிலும் தனித்தனியாக 33 சதவீதம் எடுக்க வேண்டும். பாதுகாப்பாக எழுத்தில் 24, செய்முறையில் 10 என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கூடுதலாக எடுத்து இன்னொன்றின் குறையை ஈடுகட்ட முடியாது.

சென்ற மாதம் மாதிரித் தேர்வில் ஒரு மாணவர் எழுத்தில் 46 வாங்கினார். செய்முறையில் இரண்டு சோதனைகளுக்கும் சேர்த்து 14-க்கு 4, செயல்பாட்டுக்கு 3-க்கு 1, ப்ராஜெக்டுக்கு 3-க்கு 1, ரெக்கார்டுக்கு 5-க்கு 1, வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு 5-க்கு 1. ஆக 8. மொத்தம் 54 வந்தும் அவர் தேறவில்லை. உண்மைத் தேர்வில் இப்படி நடந்தால் இன்னும் சிரமம். எழுத்தில் மட்டும் தவறியவருக்குச் செய்முறை மதிப்பெண் அப்படியே நிற்கும். செய்முறையில் தவறியவரோ, தேறிய எழுத்துத் தேர்வையும் சேர்த்து மறுபடி எழுத வேண்டும்.

அந்த மாணவருக்குச் சோதனை செய்யத் தெரியாமல் இல்லை. ரெக்கார்டு நோட்டை நண்பரிடம் வாங்கி ஒரே வாரத்தில் எழுதி முடித்திருந்தார். ஓம் விதிச் சோதனையில் வோல்ட்மீட்டர் அளவு 1.27 என்று இருந்தது. நம் ஆய்வகத்து வோல்ட்மீட்டரில் ஒரு சிறு கோடு 0.1 வோல்ட். அதை வைத்துக்கொண்டு 1.27 என்று யாராலும் படிக்க முடியாது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் இதை ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் வைவாவில் அதே பக்கத்தைத் திறந்துதான் கேட்பார்: இந்த மீட்டரின் மிகச்சிறு அளவு என்ன, மீட்டர் பிரிட்ஜில் சமநிலைப் புள்ளி ஏன் கம்பியின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும் என்று. தானே செய்த பிள்ளை யோசித்தாவது சொல்லிவிடும். பார்த்து எழுதிய பிள்ளைக்கு ரெக்கார்டிலும் போகும், வைவாவிலும் போகும். இந்த இரண்டும் சேர்ந்து 10 மதிப்பெண், செய்முறையில் மூன்றில் ஒரு பங்கு.

ஆகவே இனி இப்படிச் செய்கிறோம். சனிக்கிழமை ஆய்வகத்தில் எடுத்த அளவுகளை அன்றே ஆசிரியர் முன்பாக நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கணக்கு, வரைபடம், முடிவு, முன்னெச்சரிக்கைகள் எல்லாம் புதன்கிழமைக்குள் முடிந்திருக்க வேண்டும். ரெக்கார்டில் குறைந்தது 8 சோதனைகளும் 6 செயல்பாடுகளும் வேண்டும். தீபாவளிக்கு முன் இவற்றை முடித்துவிட்டால், நவம்பர் பாதியிலிருந்து வாரம் ஒரு வைவா பயிற்சி வைக்கலாம். செய்முறைத் தேர்வு ஜனவரியில் தொடங்கும். பொங்கலும் தைப்பூசமும் அதை ஒட்டித்தான் வரும். பால்குடம் எடுக்கும் குடும்பங்கள் தேர்வு நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பயணத்தைத் திட்டமிடுங்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். "ரெக்கார்டு மதிப்பெண் பள்ளி போடுவதுதானே, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் சார்" என்று ஆசிரியர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. அப்படிப் போட மாட்டோம். வராத சனிக்கிழமைக்குப் பின்தேதியிட்டுக் கையெழுத்தும் போட மாட்டோம். தேர்வன்று கணினியில் ஏற்றிய மதிப்பெண்ணைப் பிறகு மாற்றவும் வழியில்லை. தயவுசெய்து ஆசிரியர்களிடம் இதைக் கேட்காதீர்கள்.

செம்பனை ஆலையில் ஷிஃப்ட் வேலை, சனிக்கிழமை பஸ் குறைவு என்று உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். வண்டி வசதி இல்லாதவர்கள் அலுவலகத்தில் சொல்லுங்கள், பள்ளி வேனை ஏற்பாடு செய்கிறோம். உடல்நிலை காரணமாக வராத பிள்ளைக்கு அடுத்த செவ்வாய் மாலை அதே சோதனையைத் திரும்ப வைப்போம். வீட்டில் நீங்கள் இயற்பியல் சொல்லித்தர வேண்டியதில்லை. நோட்டை வாங்கி மூடி வைத்துக்கொண்டு, "இந்தச் சோதனையில் என்ன செய்தாய், தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். தடுமாறினால் எந்தச் சோதனை என்று எங்களுக்குத் தெரிவியுங்கள், அதை மறுபடி செய்ய வைக்கிறோம்.

இரவு வேலை முடிந்து தூங்காமல்கூடச் சனிக்கிழமை காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மாக்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஆசிரியர்கள் சார்பிலும் என் சார்பிலும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்