கோட்டைக் கட்டுரையும் வாக்கியச் சுருக்கமும்

அன்புள்ள மகளுக்கு,

நம்ம வேலூர்க் கோட்டையைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். விவரங்கள் சரி, வாக்கியங்கள்தான் நடக்க மறுக்கின்றன. தொடக்க வாக்கியத்தையே பார்.

"1806ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆம் தேதி அன்று அதிகாலை வேளையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்களால் கிளர்ச்சி மேற்கொள்ளப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது."

வாலிலிருந்து தொடங்கு. 'என்பது குறிப்பிடத்தக்கது' எந்தச் செய்தியையும் சொல்லவில்லை. குறிப்பிட வேண்டியது என்பதால்தானே எழுதினாய்? எடுத்துவிடு. அடுத்து, ஒன்றையே இரண்டு முறை சொல்லும் இடங்கள். ஜூலை ஒரு மாதம் என்பது யாருக்கும் தெரியும். அதிகாலை என்றாலே வேளைதான். 'தேதி'யும் 'அன்று'ம் ஒரே வேலையைச் செய்கின்றன. இங்கே இரண்டுமே வேண்டாம்.

இனி 'கிளர்ச்சி மேற்கொள்ளப்பட்டது'. உண்மையான வினை பெயர்ச்சொல்லுக்குள் போய்விட்டதால், வாக்கியத்தை முடிக்க 'மேற்கொள்' என்ற வெற்று வினை வந்தது. அதுவும் செயப்பாட்டு வினையானதால் செய்தவர்கள் 'சிப்பாய்களால்' என்று பின்னால் தள்ளப்பட்டார்கள். வினையை வெளியே எடுத்தால் அவர்கள் தாமாகவே எழுவாய் ஆகிவிடுவார்கள்:

"1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர்."

16 சொல் 8 ஆனது. ஒரு விவரமும் போகவில்லை. மற்ற பக்கங்களில் 'மேற்கொள்', 'நடைபெறு', 'ஏற்படு' வரும் இடங்களில் பென்சிலால் கோடிட்டு, அதற்கு முந்தைய சொல்லைப் பார். அதற்குச் சொந்த வினை இருந்தால் அதையே போடு. ஆனால் 'வேலூர்க் கிளர்ச்சி' என்று நிகழ்ச்சியின் பெயராக வரும்போது அதைத் தொடாதே.

அடுத்த வாக்கியத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. "ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி தலைமையில் குதிரைப்படை வரவழைக்கப்பட்டு, கிளர்ச்சியை அடக்கும் நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது" என்கிறாய். வரவழைத்தது யார்? செயப்பாட்டு வினை அந்தக் கேள்வியையே மறைத்துவிடுகிறது. ஆள் தெரிந்தால் பெயரைச் சொல். தெரியாவிட்டால், "ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் வந்து கிளர்ச்சியை அடக்கினார்" என்று தெரிந்ததை மட்டும் எழுது.

வெட்டும் வேகத்தில் தேவையானதையும் வெட்டிவிடாதே. 'என்று கூறப்படுகிறது' சில இடங்களில் அடைசல்தான். ஆனால் உறுதியாகத் தெரியாத செய்தியில் அதை எடுத்தால், கேள்விப்பட்டது உண்மையாகிவிடும். அங்கே யார் கூறினார்கள் என்று எழுதுவதே சரியான திருத்தம். இறந்தோர் எண்ணிக்கைக்கு முன்னால் 'சுமார்' இருக்கட்டும், பின்னால் வரும் 'வரை' போகட்டும். 'வீடு வாசல்' போன்ற இணைமொழியையும் விட்டுவை. இரண்டு சொல்லும் சேர்ந்தால்தான் அங்கே முழுப்பொருள் வரும்.

சிப்பாய்களின் புதிய தலைப்பாகை பற்றிய பத்தியில் ஒரே வாக்கியத்தில் இரண்டு 'காரணமாக' இருக்கின்றன. முதலில் அதைச் சரிசெய்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா