அக்கா மகனின் சிகிச்சைக்குக் கொடுத்தவர்களுக்கு: வரவு, செலவு, மீதி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். தலசீமியா நோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்ட என் அக்கா மகன் வீடு திரும்பிவிட்டான். மாற்றுக்குப் பிந்தைய பரிசோதனையில் அவன் ரத்தத்தில் 98 சதவீத செல்கள் மஜ்ஜை கொடுத்த அவனுடைய அக்காவுடையவை என்று வந்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த பையனுக்கு, மருத்துவமனையை விட்டு வந்த பிறகு ரத்தமே ஏற்றவில்லை. ஹீமோகுளோபின் 10.6 இருக்கிறது. தோலில் லேசான தடிப்பு வந்து போகிறது, அதற்கு மருந்து தொடர்கிறது.

இனி உங்கள் பணத்தின் கணக்கு. இந்த மடல் இந்த வடிவத்துக்கு வந்ததற்கு மூன்று பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். எங்கள் தெரு ஆடிட்டர் மாமா, அக்காவோடு வேலை பார்க்கும் கணக்கு டீச்சர், நிதி கொடுத்தவர்களில் ஒருவரான சிங்கப்பூர் அண்ணன். மூவரும் வரைவை வாங்கி வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்டார்கள். "மருத்துவமனையில் கட்டினது வேற, செலவானது வேற. ரெண்டையும் ஒரே வரியில எழுதாத" என்று மாமா முதலிலேயே சொல்லிவிட்டார். மொத்தக் கணக்கும் அந்த வாக்கியத்தில்தான் நிற்கிறது.

முதலில் வரவு. நிதி திரட்டிய தளத்தின் பக்கத்தில் 11,80,000 ரூபாய் என்று பார்த்திருப்பீர்கள். பணம் கடந்துவரும் வழிக்கான கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து 27,848 போக, கைக்கு வந்தது 11,52,152. நேராக வங்கிக் கணக்குக்கும் ஜிபேயிலும் வந்தது 3,46,300. தெருவிலும் அக்காவின் பள்ளியிலும் ரொக்கமாகச் சேர்ந்தது 61,700. ஆக 15,60,152 ரூபாய். கணக்கில் கிடந்த நாட்களுக்கு வங்கி கொடுத்த வட்டி 4,118. வட்டியும் கொடுத்தவர்களின் பணம்தான் என்று டீச்சர் சொன்னதால் அதையும் மீதியில் சேர்த்திருக்கிறோம்.

மருத்துவமனை முதலில் சொன்ன மதிப்பீடு பத்தரை லட்சம். கடைசி பில் 14,36,800. இந்த 3,86,800 ஏன் கூடியது என்று பலர் கேட்டீர்கள், கேட்க வேண்டிய கேள்விதான். மதிப்பீடு என்பது எல்லாம் ஒழுங்காகப் போனால் ஆகும் தொகை. மாற்றுக்கு முன் கொடுக்கும் கீமோ பழைய மஜ்ஜையை முழுக்க அழித்துவிடும். புதிய செல்கள் வேர் பிடித்து, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை தொடர்ந்து மூன்று நாள் 500-க்கு மேல் நிற்கும் வரை உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்பதே இருக்காது. அந்த இடைவெளியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆன்டிபயாடிக்குக்கு அடங்காததால் பூஞ்சைத் தொற்றுக்கான ஊசியும் தொடங்கினார்கள். அப்புறம் சிஎம்வி என்ற வைரஸ் தலைதூக்க, அதற்கும் மருந்து. கூடுதல் தொகையில் இந்த மருந்துகளுக்கு மட்டும் 2,21,300. தனி அறையில் கூடுதலாக இருந்த நாட்களுக்கு 96,000. ரத்தக் கூறுகளுக்கும் பரிசோதனைகளுக்கும் 69,500. பயன்படுத்தாத பூஞ்சை ஊசி மருந்துக் குப்பிகளை வார்டு சிஸ்டர் எண்ணிப் பார்த்து மருந்தகத்துக்குத் திருப்பி அனுப்பினார். அதற்கான 18,450 ரூபாய் கடைசி பில்லில் கழிந்திருக்கிறது. நாங்கள் யாரும் கேட்காமலே அவர் செய்தது அது. அவருக்கும் நன்றி.

அந்த பில்லை யார் யார் கட்டினார்கள் என்பதில்தான் மாமா அதிக நேரம் எடுத்துக்கொண்டார். முன்பணமாக உங்கள் நிதியிலிருந்து 11,00,000 கட்டினோம். அக்கா நகையை அடகு வைத்து 1,50,000 கட்டினாள். அதன் பிறகு பிரதமர் தேசிய நிவாரண நிதியிலிருந்து 3,00,000 நேராக மருத்துவமனைக்கே வந்தது. மூன்றையும் கூட்டினால் 15,50,000. பில் போக மிஞ்சிய 1,13,200 திரும்ப வந்தது. நகைப் பணத்தை அக்கா திருப்பிக் கேட்கவில்லை, அது பையனுக்குச் செய்ததாகவே இருக்கட்டும் என்றுவிட்டாள். அதனால் திரும்ப வந்தது முழுவதும் உங்கள் கணக்குக்கே வரவானது. பதினொரு லட்சம் கட்டினாலும், மருத்துவமனைக்காக உங்கள் பணத்தில் உண்மையில் செலவானது 9,86,800.

மருத்துவமனை பில்லுக்கு வெளியே ஆனது 2,52,000. தொடக்கத்தில் யாருடைய மஜ்ஜை பொருந்தும் என்று பார்த்த ஹெச்எல்ஏ பரிசோதனைகளுக்கு 36,000. டிஸ்சார்ஜ் ஆன பிறகும் நூறு நாள் வரை பக்கத்திலேயே இருக்கச் சொன்னதால் சென்னையில் எடுத்த அறைக்கு, மாதம் 14,000 வீதம் நான்கு மாத வாடகை 56,000. அந்தக் காலத்து மருந்துகளுக்கும், ரத்தத்தில் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு பார்ப்பது போன்ற பரிசோதனைகளுக்கும் 1,38,600. பயணத்துக்கு 21,400. சாப்பாட்டுச் செலவை உங்கள் பணத்தில் சேர்க்கவில்லை, அதை நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

மொத்தச் செலவு 12,38,800. வட்டியோடு சேர்த்துக் கையிருப்பு 3,25,470 ரூபாய். அக்கா பெயரும் டீச்சர் பெயரும் உள்ள கூட்டுக் கணக்கில் அது இருக்கிறது. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும்.

இதில் 1,75,000 ரூபாயை ஒரு வருடத்துக்கு ஒதுக்கி வைக்கலாம் என்று நினைக்கிறோம். மாற்றுக்குப் பிறகு பழைய தடுப்பூசிகளின் பலன் போய்விடும் என்பதால், குழந்தைக்குப் போடுவது போல எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். இத்தனை வருடம் ஏற்றிய ரத்தத்தால் ஈரலில் சேர்ந்திருக்கும் இரும்பையும் குறைக்க வேண்டும். மஜ்ஜை மாறினாலும் அந்த இரும்பு தானாகப் போகாது. மீதி 1,50,470 ரூபாயை, அதே வார்டில் மாற்றுக்காகக் காத்திருக்கும் இன்னொரு குழந்தையின் மருத்துவமனைக் கணக்கில் நேராகக் கட்ட விரும்புகிறோம். ஆனால் நீங்கள் கொடுத்தது இவனுக்காக. உங்கள் சம்மதம் இல்லாமல் அதைத் தொட மாட்டோம். வேண்டாம் என்பவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் அக்காவுக்கு ஒரு வரி அனுப்பினால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவரவர் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

கணக்கில் வராத உதவியும் உண்டு. பிளேட்லெட் தேவைப்பட்டபோதெல்லாம் தாம்பரம் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். எடுத்த பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால் முன்கூட்டிச் சேர்த்து வைக்கவும் வழியில்லை, அன்றன்றைக்கு ஆள் வேண்டும். ஒரு தம்பி இரவு பதினொரு மணிக்கு வந்து, எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டார். போகும் வழியிலேயே அறைத் தோழனை எழுப்பி அனுப்பி வைத்தார். தம்பிகளா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுக்க, பதினொரு வயதில் சம்மதித்த எங்கள் பெரிய பாப்பாவுக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

பில்களின் நகல்கள் அக்காவிடம் இருக்கின்றன. கேட்பவர்களுக்கு அனுப்புகிறோம். வங்கி விவரத்தில் கொடுத்தவர்களின் பெயரையும் போன் எண்ணையும், பில்களில் பையனின் மருத்துவமனை எண்ணையும் மறைக்கச் சொன்னது சிங்கப்பூர் அண்ணன். அப்படியே செய்திருக்கிறோம். ஐம்பது ரூபாய் அனுப்பியவரின் வரியும் அதில் இருக்கும், தேதியையும் தொகையையும் வைத்து உங்களுடையதைக் கண்டுபிடித்துவிடலாம். இல்லையென்றால் கட்டாயம் சொல்லுங்கள், தேடிச் சரிபார்க்கிறோம். தனி ஒருவருக்குக் கொடுத்த நிதி என்பதால் இதற்கு 80ஜி ரசீது தர முடியாது. கேட்டிருந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கணக்கை ஒதுக்கிய தொகை தீர்ந்ததும், அல்லது ஒரு வருடம் முடிந்ததும், எது முந்துகிறதோ அப்போது அனுப்புகிறோம்.

நன்றியுடன்,
பையனின் தாய்மாமன்,
திண்டுக்கல்