மீதிப் பத்தாயிரம் யாரிடம் இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு தெருவின் குடும்ப வருமானத்தை இளைஞர்கள் சிலர் வீடுவீடாகக் கேட்டுத் தொகுத்த செய்தியைச் சென்ற ஞாயிறு இதழில் படத்துடன் வெளியிட்டிருந்தீர்கள். அது எங்கள் தெரு. "இங்கே ஒரு சாதாரணக் குடும்பத்தின் மாத வருமானம் 21,000 ரூபாய்" என்று தலைப்புக்குக் கீழே போட்டிருந்தீர்கள். திங்கட்கிழமை காலையில் மூன்று வீடு தள்ளியிருக்கும் ஆச்சி, முறுக்குப் பிழியும் கையோடு இதழைக் கொண்டுவந்து நீட்டினார். "நானும் அவரும் சேர்ந்து சம்பாதிப்பது பதினோராயிரம். மீதிப் பத்தாயிரம் யாரிடம் இருக்கிறது சார்?" என்றார். பள்ளியில் பல ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். இவ்வளவு சரியான கேள்வியை வகுப்பில் நான் அதிகம் கேட்டதில்லை.

பிள்ளைகள் கூட்டியதிலும் வகுத்ததிலும் பிழையில்லை. 41 வீடுகளின் வருமானம் மொத்தம் 8,61,000. அதை 41-ஆல் வகுத்தால் 21,000 வரும். அந்த எண்ணைச் 'சாதாரணக் குடும்பம்' என்று அழைத்ததுதான் தவறு. அது தவறு என்பதற்கான சாட்சி, எந்த வருமானத்தில் எத்தனை வீடுகள் என்று செவ்வகங்களாக வரைந்து நீங்களே அச்சிட்ட நிகழ்வுச் செவ்வகப் படத்தில் இருக்கிறது.

அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு செவ்வகம். முதல் பிரிவில் 3 வீடுகள், 5,000 முதல் 10,000 வரை 9, அடுத்த பிரிவில் 12, அதற்கடுத்து 7. பிறகு 4, 2, 1, 1 என்று வலப்பக்கம் மெலிந்துகொண்டே போகிறது. ஆத்தங்குடிக் கல் பட்டறைக்குப் போகிறவர்கள், பலகாரம் செய்கிறவர்கள், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்குக் காவல் இருப்பவர்கள் எல்லாரும் இடப்பக்கத்து உயரமான செவ்வகங்களில் இருக்கிறார்கள். 20,000-க்குக் கீழே மட்டும் 31 வீடுகள். அதாவது உங்கள் 'சாதாரணக் குடும்பம்' சம்பாதிப்பதைத் தெருவில் நான்கில் மூன்று பங்குக் குடும்பங்கள் சம்பாதிப்பதில்லை.

முகடு, அதாவது மிக அதிகமான வீடுகள் சேர்ந்திருக்கும் இடம், எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் விரல் வைத்துவிடும். ஓட்டு வீட்டின் முகட்டைப் போல உயர்ந்து நிற்பது 10,000-க்கும் 15,000-க்கும் இடைப்பட்ட செவ்வகம்தான். இடைநிலையைக் கண்டுபிடிக்க எண்ணிக்கொண்டே போக வேண்டும். வருமானத்தை ஏறுவரிசையில் வைத்தால் நடுவில் நிற்பது 21-வது வீடு. முதல் இரண்டு செவ்வகங்களில் 12 வீடுகள் முடிந்துவிடுகின்றன, மூன்றாவதில் ஒன்பதாவதாக அந்த வீடு வருகிறது. அந்தப் பிரிவில் வீடுகள் சீராகப் பரவியிருப்பதாகக் கொண்டால் இடைநிலை ஏறத்தாழ 13,500. அந்த இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு போட்டால் படத்தின் பரப்பு இரண்டு சம பாதியாகும். சராசரியோ அதற்கும் வலப்பக்கம் 7,500 ரூபாய் தள்ளிப்போய், வீடுகள் அருகிவிட்ட இடத்தில் நிற்கிறது.

அது ஏன் அங்கே போய் நிற்கிறது என்பதை ஆச்சிக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஆகவே செய்து காட்டினேன். ஒரு மீட்டர் அளவுகோலை நடுவில், 50 என்ற குறியில், நூலால் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டேன். அந்த நடுப்புள்ளிதான் 21,000. ஒரு சென்டிமீட்டருக்கு ஐயாயிரம் ரூபாய். வீட்டுக்கு ஒன்றாக 41 ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்து, செவ்வகத்துக்கு ஒரு காகிதப் பொட்டலமாகக் கட்டி, அந்தந்த வருமானத்துக்குரிய இடத்தில் தொங்கவிட்டேன். 40 நாணயங்களைக் கட்டி முடித்தபோது கோலின் இடப்பக்கம் நன்றாகத் தாழ்ந்துவிட்டது. கடைசி நாணயத்தை நடுவிலிருந்து வலப்பக்கம் 43 சென்டிமீட்டர் தள்ளி, 93 என்ற குறியில் மாட்டினேன். கோல் மெல்ல நிமிர்ந்து நேராக நின்றது. அந்த ஒற்றை ரூபாயை மறுபடி கழற்றச் சொன்னார் ஆச்சி. கழற்றினேன், சாய்ந்தது. மாட்டினேன், நிமிர்ந்தது. "இந்த ஒரு வீட்டிடம்தான் என்னுடைய பத்தாயிரம் இருக்கிறதா?" என்றார்.

பதில் ஏறத்தாழ அதுதான். அந்த ஒரு வீட்டை விட்டுவிட்டு மற்ற 40 வீடுகளுக்குச் சராசரி பார்த்தால் 15,625-க்கு இறங்கிவிடுகிறது. இடைநிலை இறங்குவது வெறும் 200 ரூபாய். அந்த வீட்டின் வருமானம் அடுத்த மாதம் இரட்டித்தால் சராசரி 26,700-ஐத் தாண்டும், இடைநிலையோ அசையாது. சராசரிக்கு ஒவ்வொரு வீடும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது முக்கியம். இடைநிலைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டுமே கணக்கு.

இனி உங்கள் ஓவியர் மீது ஒரு வழக்கு. இந்தக் கடைசி வீடு நீங்கள் அச்சிட்ட படத்தில் தொலைவில் இல்லவே இல்லை. வலக்கோடியில் "50,000-க்கு மேல்" என்று ஒரு செவ்வகம் போட்டு, அதில் 2 வீடுகளை வைத்து, மற்றவற்றுக்குச் சமமான அகலத்தில் வரைந்திருக்கிறார். மேல் எல்லை இல்லாத பிரிவுக்கு அகலமும் இல்லை. அகலம் இல்லாததை நிகழ்வுச் செவ்வகமாக வரையவே முடியாது. நீண்ட வாலை இப்படி நறுக்கியதால்தான், படத்தைப் பார்க்கிறவர் கண்ணுக்குச் சராசரி ஏன் அவ்வளவு தள்ளிப் போனது என்பது புலப்படுவதில்லை.

நறுக்கிய வாலை மீட்டெடுக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு செவ்வகத்துக்கும் அதன் நடுமதிப்பை எடுத்துக்கொண்டு, கடைசி இரண்டு வீடுகளுக்கும் படத்தில் வரைந்தபடி 52,500 என்று வைத்துச் சராசரி கண்டேன். கிடைத்தது ஏறத்தாழ 16,300. நீங்கள் அச்சிட்டதோ 21,000. வீட்டுக்கு 4,700 ரூபாய் இடிக்கிறது. 41 வீடுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1,93,500. நடுமதிப்பு என்பது உத்தேசம்தான், ஆனால் அதனால் வரும் பிழைகள் கூடுதலும் குறைவுமாகப் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், இவ்வளவு பெரிய தொகையாகச் சேராது. ஆக, இந்தத் தொகை அந்தக் கடைசிச் செவ்வகத்தில்தான் ஒளிந்திருக்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு என்று ஆகிறது.

அந்த இரண்டில் ஒன்று என் வீடு. என் ஓய்வூதியமும் என் மனைவியின் ஓய்வூதியமும் சேர்ந்து 62,500. கழித்துப் பார்த்தால் மற்ற வீட்டின் வருமானம் ஏறத்தாழ 2,36,000 என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. யாருடைய வருமானமும் வெளியில் தெரியாது என்று வாக்குக் கொடுத்துத்தான் பிள்ளைகள் கேட்டுப்போனார்கள். அது எந்த வீடு என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் உங்கள் படமும் உங்கள் சராசரியும் சேர்ந்து அதைச் சொல்லிவிட்டன.

என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில், "முகட்டைக் காணப் பாடப்புத்தகத்திலேயே சூத்திரம் இருக்கிறதே" என்றார். இடைநிலையின் மூன்று மடங்கிலிருந்து சராசரியின் இரு மடங்கைக் கழித்தால் முகடு வரும் என்பது அது. போட்டுப் பார்த்தோம். 40,500-லிருந்து 42,000-ஐக் கழித்தால் மைனஸ் 1,500. எங்கள் தெருவில் மிகப் பலருக்கு வருமானம் பூஜ்யத்துக்கும் கீழே என்று பொருள். அந்த உறவு ஒரு பக்கமாக ஓரளவே சாய்ந்த பரவலுக்குத் தோராயமாகப் பொருந்தும், இப்படி வால் நீண்ட பரவலுக்குப் பொருந்தாது. பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்யவைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதற்குமேல் சொல்ல எனக்கு வாயில்லை.

இவ்வளவு நீளமாக எழுதக் காரணம், உங்கள் 21,000 இதழோடு நிற்கவில்லை. புதன்கிழமை நடந்த ஊர்க்கூட்டத்தில் அந்த இதழை மேசைமேல் வைத்து, திருவிழா வரியாகச் சராசரி வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, வீட்டுக்கு 2,100 என்று பேச்செடுத்தார்கள். ஆச்சி வீட்டுக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. 7,500 வருமானமுள்ள வீட்டுக்கு நான்கில் ஒரு பங்குக்கும் மேல். நான் எழுந்து இடைநிலையைச் சொன்னேன். கணக்குப்பிள்ளை உடனே, "அப்படியானால் வீட்டுக்கு 1,350. 41 வீட்டுக்கும் 55,350 தானே சார் வருகிறது, எனக்கு 86,000 வேண்டுமே?" என்றார். அவர் கேட்டது நியாயம். மொத்தத் தொகை வேண்டுமென்றால் சராசரிதான் கைகொடுக்கும். இடைநிலையை வீட்டு எண்ணிக்கையால் பெருக்கினால் எந்த மொத்தமும் கிடைக்காது. அவரவர் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் அதே 86,100 வரும், அதில் படத்தின் கடைசி வீடு மட்டும் 23,600 தரும் என்றேன். என் பங்காக 6,250 எழுதிக்கொள்ளச் சொன்னேன். கூட்டம் அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அதற்குள் இன்னொரு சிக்கலும் முளைத்திருக்கிறது. எங்கள் பக்கத்து நகரத்தார் வீடுகளில் மணமான ஒவ்வொரு மகனும் மனைவியோடு ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. தனிச் சமையலாக வேறு வைத்த பிறகு கதவு ஒன்றானாலும் அடுப்பு தனி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்களைத்தான் ஒரு குடும்பம் என்பார்கள். பிள்ளைகளோ கதவு எண்ணை வைத்து எண்ணியிருக்கிறார்கள். படத்தின் அந்தக் கடைசி வீட்டில் நான்கு புள்ளிகள் என்று வைத்துக்கொண்டால் தெருவில் குடும்பங்கள் 44 ஆகும், ஒரு ரூபாயும் கூடாமல் குறையாமல் சராசரி 19,500-க்கு அருகே வந்துவிடும்.

செய்தியைத் திருத்தி வெளியிடும்போது இடைநிலையை முதலில் போடுங்கள். சராசரியைப் போடுவதானால் படத்தின் வாலை நறுக்காமல் போடுங்கள். இதழில் இடம் போதாதென்றால் படத்தின் கிடைக்கோட்டை ஓரிடத்தில் முறித்து, முறித்திருக்கிறோம் என்று குறியிட்டுக் காட்டலாம். முழு நீளத்தில் நான் வரைந்த படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். தெருவில் 39 வீடுகள் முதல் எட்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டன, கடைசி ஒரு வீட்டுக்காக வரைபடத்தாளில் இன்னொன்றை ஒட்டி 48 சென்டிமீட்டருக்கு நீட்ட வேண்டியதாயிற்று. உறைக்குள் நுழையாததால் மடித்து வைத்திருக்கிறேன். ஓவியரிடம் கொடுக்கும் முன் பிரித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி வட்டம்.