நேற்றைய கபடி இறுதிப் போட்டி பற்றி

தம்பிகளா, 28-31. தோற்றுவிட்டோம். நடுவர், மேட் என்று யாரும் காரணம் தேட வேண்டாம், ஆட்டம் நம் கையில்தான் இருந்தது.

கடைசி நான்கு நிமிடத்தில் 27-24 என முன்னிலை. நேரத்தைக் கடத்த இரண்டு ரெய்டு சும்மா போய் வந்தோம். மூன்றாவது 'டூ ஆர் டை' ஆகிவிட்டது. எதிரே மூன்று பேர்தான், அதனால் போனஸ் கிடையாது, தொட்டே ஆக வேண்டும். அவர்களும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். சூப்பர் டேக்கிளில் இரண்டு புள்ளி போனது. அடுத்து அவர்கள் ரெய்டில் மிச்சமிருந்த நம் இருவரும் ஒன்றாகப் பாய்ந்தோம், வந்த ரெய்டர் கோட்டைத் தொட்டுவிட்டான். ஆல் அவுட்டோடு நான்கு புள்ளி. ஒருவர் ஒதுங்கி நின்றிருந்தால் ஆல் அவுட் ஆகியிருக்காது.

அந்த 'டூ ஆர் டை' ரெய்டுக்குப் போனவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அரையிறுதியில் நம்மைக் கரை சேர்த்தவன் அவன்தான். லெஃப்ட் கார்னரில் நம்ம சின்னவன் போட்ட கணுக்கால் பிடியை எதிரணி கோச்சே வந்து பாராட்டினார், தெரியுமா?

இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். முட்டி வீங்கியவர்கள் ஐஸ் வையுங்கள். வியாழன் மாலை 5 மணிக்கு மைதானம். முதல் வேலை, மூன்று பேருக்கு எதிரான மூன்றாவது ரெய்டு.