துரை பேசிய பத்து நிமிடம்

அன்புள்ள ராஜா,

நலம்தானே? இங்கே பொகவந்தலாவைப் பக்கம் மழை விட்டபாடில்லை, வாட்டுத் தொட்டியில் கொழுந்து வாட பதினெட்டு மணித்தியாலம் போகிறது. சரி, உன்னிடம் ஒன்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

திங்கள் காலை பெக்டரியில் மனநல வாரம் தொடங்கியது. பேனர் கட்டி, வடையும் பிளேன்டீயும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் தோட்டத் துரை பத்து நிமிடம்தான் பேசினார், அதில் பாதி தன் கதை. அப்பா செத்த பிறகு மூன்று வாரம் இரவில் தூக்கமே இல்லையாம். ஒருநாள் விடியற்காலை நொதிய விட்ட தூளை அடுப்புக்கு அனுப்பச் சொல்ல மறந்து அங்கேயே நின்றிருக்கிறார். மூக்காலேயே பதம் சொல்லும் மனுசனுக்கு அன்று புளித்த வாசம்கூடத் தெரியவில்லையாம். "அன்றைக்கு என்னைத் திட்டினார்கள், என்ன ஆச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை" என்றார்.

அதனால் சூப்பர்வைசர்மாருக்கு அவர் சொன்னது இதுதான்: நன்றாக வேலை செய்கிற ஆள் இரண்டு வாரமாகத் தப்புமேல் தப்பு விடுகிறான், சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுபோகிறான், யாரோடும் பேசுவதில்லை என்றால், பலர் முன்னால் கேட்காதே, தனியாகக் கூப்பிட்டு நீ பார்த்ததைச் சொல்லு, அப்புறம் வாயை மூடிக் கேளு. 'செத்தால் தேவலை' என்கிற மாதிரி ஏதாவது வந்தால், உயிரை விட நினைப்பு வருதா என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் நினைப்பைத் தூண்டிவிடும் என்பது பொய்யாம். வருது என்றால் தனியே விடாதே, மருந்தடிக்கும் கேன் இருக்கும் ஸ்டோர் சாவியைக் கையில் வை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. 1926 என்ற மனநல உதவி இலக்கத்தையும் கரும்பலகையில் எழுதினார், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம்.

மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. மனச்சோர்வுக்குக் கொடுப்பது பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரமாவது ஆகுமாம். நம்மாட்கள் ஐந்தாம் நாளே 'வேலை செய்யல' என்று நிறுத்திவிடுவார்கள். என் மாமா செய்ததும் அதுதானே, உனக்குத் தெரியும்.

எல்லாம் சரி, ஆனால் தூள் சலிக்கும் சிப்டிங் ரூமில் வேலை செய்யும் ஒரு அக்கா எழும்பி, "கிளினிக் போனா அன்னைக்குப் பேர் போடுவீங்களா ஐயா?" என்று கேட்டார் பார். ஹோலே அமைதி. துரை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, துண்டில் 'கிளினிக்' என்று மட்டும் எழுதினால் போதும், என்ன வருத்தம் என்று ஆபிசில் கேட்கக் கூடாது, அன்றைய பேரும் சம்பளமும் வெட்டுப்படாது என்றார். கிளார்க் அதை அப்போதே கொப்பியில் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். மாசச் சம்பளத்துண்டு வரட்டும், அந்த அக்காவிடம் கேட்டு எழுதுகிறேன்.

உன் அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு?

உன்,
சிவா