பாத நீளம் என்று போட்டு உள்அட்டை நீளத்தைக் கொடுத்திருக்கும் உங்கள் சைஸ் சார்ட் பற்றிய புகார்

அனுப்புநர்: ஒரு வாடிக்கையாளர், வில்லாபுரம், மதுரை
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், காலணி ஆன்லைன் விற்பனைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன்னால் போனில், சாட்டில், மெயிலில் எல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் வந்து "ஆர்டர் நம்பர் சொல்லுங்க சார்" என்று முதலில் இருந்து ஆரம்பிக்கிறார். அதனால் நடந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். படிக்காமல் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி மட்டும் வந்தால், அடுத்து நான் எழுதுவது உங்களுக்கு இருக்காது.

நான் வாங்கியது 1,899 ரூபாய் நடைப்பயிற்சி ஷூ, சாம்பல் நிறம், சைஸ் 8. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார், காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கலாம் என்று வாங்கினேன். உங்கள் பக்கத்தில் சைஸ் சார்ட் இருந்தது. தலைப்பு தெளிவாக "பாத நீளம்". 7க்கு 26.0 செ.மீ., 8க்கு 26.8, 9க்கு 27.7. பக்கத்திலேயே "சரியான அளவில் வரும், வழக்கமான சைஸே வாங்குங்கள்" என்று பச்சை எழுத்தில் வேறு.

அளக்கத் தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். டவுன்ஹால் ரோட்டில் செருப்புக் கடையில் ரொம்ப வருஷம் நின்றவன் நான். சாயங்காலம், தரையில் தாளை ஒட்டி, குதிகாலைச் சுவரோடு சேர்த்து, இரண்டு காலிலும் எடை கொடுத்து நின்று, பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து வரைந்த அளவு: இடது 26.1, வலது 26.4. பெரிய காலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், எடுத்தேன். 7 போதாது, 8 சரி. உங்கள் சார்ட்டை நம்பினால் வேறு முடிவுக்கு வர வழியே இல்லை.

வந்த ஷூவில் கட்டை விரல் முன்னால் போய் முட்டுகிறது. சரி, பார்ப்போம் என்று உள்ளே இருக்கும் உள்அட்டையை, நீங்கள் இன்சோல் என்பதை, உருவி எடுத்து டேப்பை வைத்தேன். 26.8. உங்கள் சார்ட்டில் "பாத நீளம்" என்று இருக்கிற அதே 26.8!

இது உங்களுக்குத் தெரியாத விஷயமா? செருப்பு செய்கிற கம்பெனிக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? மூடின ஷூவில் விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. அளவுக்காவது இடம் வேண்டும், நடக்கும்போது கால் முன்னால் நகரும். அப்படியானால் 26.8 உள்நீளம் உள்ள ஷூ 25.8 வரை உள்ள காலுக்குத்தான். என் 26.4க்கு அதில் மிஞ்சுவது 4 மில்லிமீட்டர். தொழிற்சாலையில் இருந்து வந்த உள்அட்டை அளவை யாரோ எடுத்து, தலைப்பை மட்டும் "பாத நீளம்" என்று மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். இதே சார்ட்டைத்தான் உங்கள் ரப்பர் செருப்புக்கும் போட்டிருக்கிறீர்கள், போய்ப் பாருங்கள். திறந்த செருப்புக்கும் மூடின ஷூவுக்கும் ஒரே கணக்கு எப்படி ஐயா வரும்?

இதைத்தான் உங்கள் வாடிக்கையாளர் சேவையில் ஒருவரிடம் பொறுமையாக விளக்கினேன். அவர் பேரை நான் எழுதவில்லை, அழைப்பைப் பதிவு செய்வதாக நீங்களே சொல்கிறீர்கள், எடுத்துக் கேளுங்கள். அவர் சொன்னது: "சார், சார்ட் எல்லாம் கரெக்ட். உங்க கால்தான் சைஸுக்கு இல்ல." அப்புறம், "சாயங்காலம் அளந்தா கால் வீங்கித்தான் இருக்கும், காலைல அளங்க." நடக்க நடக்கக் கால் கொஞ்சம் பருக்கும், அந்தப் பருத்த காலுக்குத்தான் ஷூ வேண்டும், அதனால்தான் சாயங்காலம் அளக்கிறது என்று சொல்ல வாய் திறந்தேன். "அளக்கத் தெரியலன்னா கடையில போய் வாங்க வேண்டியதுதானே" என்று வைத்துவிட்டார். என் வயசுக்காவது மரியாதை வேண்டாமா? இன்னும் அதை நினைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. என் கால் சைஸுக்கு இல்லையாம்.

மாற்றித் தருகிறோம் என்று 9 அனுப்பினீர்கள், அதற்கு நன்றி, அந்தப் பையன் நல்லபடியாகப் பேசினார். அதன் உள்அட்டை 27.7, நீளம் போதும். ஆனால் சுண்டுவிரல் பக்கம் அதே நெருக்கல், பின்னால் குதிகால் வழுக்குகிறது. காரணம் அகலம். ஒரு சைஸ் கூட்டினால் நீளம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும். முன்பாதத்தின் அகலத்தில் கூடுவது சொற்பம். நானே அளந்தேன்: 8இன் உள்அட்டை விரல் மூட்டுக்கு நேரே 9.3 செ.மீ., 9இல் 9.5. என் கால் அந்த இடத்தில் 10.8. மேல்துணி கொஞ்சம் இளகும், உள்அட்டையும் காலும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இந்த மாடலில் சுண்டுவிரல் பக்கம் ரெக்சின் ஒட்டுத் தையல் போட்டிருக்கிறீர்கள், அது ஒரு பொட்டு இளகாது. தோலாவது போடப் போட அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், இது ஜென்மத்துக்கும் கொடுக்காது. நீளமான ஷூவாகப் போட்டதில் ஷூ மடங்குகிற இடமும் என் கட்டை விரல் மூட்டும் வேறு வேறு இடத்தில், அதனால்தான் குதிகால் தூக்குகிறது. அகலக் காலுக்கு "ஒரு சைஸ் பெருசா போடுங்க" என்பது வைத்தியமே இல்லை.

அகலத்தைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை. நம் ஊர்க் கால் அகலம் என்பது ஊருக்கே தெரியும். சென்னையில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரில் இருந்து 2022 மார்ச் வரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் காலை அளந்து, நம்மவர் கால் வெள்ளைக்காரர் காலைவிட அகலம் என்று சொல்லியாகிவிட்டது. நீங்கள் இன்னும் குறுகலான கால் வடிவக் கட்டையில் ஷூ இழுத்து, வாங்குகிறவனிடம் கால் சரியில்லை என்கிறீர்கள்.

சொல்ல மறந்துவிட்டேன், முதல் ஜோடியின் சோலைத் திருப்பிப் பாருங்கள். பெட்டி ஸ்டிக்கரில் 8 / 42. சோலின் அடியில் அச்சில் 41. ஐரோப்பிய எண் என்பது கட்டையின் நீளத்தை ஒன்றரையால் பெருக்கினது, அதாவது 41 என்றால் கட்டை 27.3 செ.மீ., 42 என்றால் 28. ஸ்டிக்கரை மாற்றலாம், அச்சு மாறாது. இந்த ஷூ ஒரு சைஸ் சின்னது என்பது உங்கள் தொழிற்சாலைக்குத் தெரிந்தே இருக்கிறது. வாங்கினவர்கள் கீழே "ஒரு சைஸ் சின்னது" என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள், அதைக்கூடவா ஒருத்தரும் படிக்கவில்லை? அதற்கு மேலே பச்சை எழுத்தில் "சரியான அளவு" அப்படியே சிரித்துக்கொண்டிருக்கிறது.

9ஐத் திருப்பி எடுக்க ஆள் வரவே இல்லை. "வந்தோம், வீடு பூட்டியிருந்தது" என்று செய்தி மட்டும் வந்தது, நான் அன்றைக்கு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கூரியர் குடோனில் நேரில் கொடுங்கள் என்றார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி கப்பலூர் போனேன். இறங்கி, வெயிலில் டோல்கேட் பக்கம் லாரிகளுக்கு நடுவே நடந்து, குடோனைக் கண்டுபிடித்துப் போனால், "எங்களுக்கு மெசேஜ் வரல, வாங்க முடியாது" என்கிறார் வாசலில் இருந்தவர். அவர் மேல் தப்பில்லை, தண்ணீர் கொடுத்தார். உங்களுக்குப் போன் போட்டேன், பாட்டு ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, கட்டாகிவிட்டது. அதே பெட்டியோடு திரும்பி வந்தேன். இந்தக் கூத்தில் நடைப்பயிற்சியே நின்றுபோய், கால் நகம் கறுத்து, சர்க்கரை ஏறி நிற்கிறது. அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

கோபத்தில் ஏதாவது அதிகமாகச் சொல்லியிருந்தால் பெரிய மனசு பண்ணி விட்டுவிடுங்கள். எனக்கு வேண்டியது இரண்டுதான்.

முதலாவது, முழுப்பணம், திருப்பி அனுப்பும் செலவு என்று எதையும் பிடிக்காமல். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்ல, 2020ஆம் வருடத்து மின்வணிக விதிகளின்படி விற்பவருக்கு உரிமை இல்லை. அந்த விதிப்படியே என் புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் எனக்குப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிப்பேன், அப்புறம் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். இந்தத் தொகைக்கு அங்கே கட்டணமும் கிடையாது. டேப்பை வைத்து எடுத்த படம், சோலின் படம், உங்கள் பக்கத்தின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இன்றைக்கு நீங்கள் சார்ட்டை மாற்றினாலும் பழையது என்னிடம் இருக்கிறது.

இரண்டாவது, அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். "பாத நீளம்" என்று ஒரு பத்தி, "ஷூவின் உள்நீளம்" என்று தனிப் பத்தி, ஒவ்வொரு சைஸுக்கும் முன்பாத அகலம். கீழே உண்மையை எழுதுங்கள். எழுத ஆள் இல்லை என்றால் இதையே போட்டுக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்:

"இந்த மாடல் ஒரு சைஸ் சின்னதாக வரும். பாதம் 25.8 செ.மீ. வரை உள்ளவர்கள் 8, 26.7 வரை உள்ளவர்கள் 9 எடுக்கவும். நின்றபடி, சாயங்காலம், பெரிய காலை அளக்கவும். முன்பாதம் குறுகல், பக்கத்தில் ரெக்சின் இருப்பதால் இளகாது. கால் அகலம் 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரிய சைஸ் வாங்கியும் பயனில்லை, வேறு மாடல் பார்க்கவும்."

இதைப் போட்டால் விற்பனை குறையும் என்று உங்கள் ஆட்கள் சொல்வார்கள். திரும்பி வருகிற பெட்டிகளுக்கு லாரி வாடகை கொடுக்கிறது யார் என்று அவர்களைக் கேளுங்கள்.

9ஆம் சைஸ் பெட்டியைக் கட்டி, பில்லை மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் வில்லாபுரத்தில் என் வீட்டு வாசலில் வந்து எடுத்துக்கொள்ளலாம், வருவதற்கு முன் ஒரு போன் போடச் சொல்லுங்கள். கப்பலூருக்கு இனி வர மாட்டேன். "உங்க கால்தான் சைஸுக்கு இல்ல" என்றவரை மட்டும் எனக்குத் திரும்ப போன் பண்ண வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
வில்லாபுரம் வாடிக்கையாளர்